சீஓடி-யை நிப்பாட்டப் போறன். 100 பார்சல் போனால் 20 திரும்பி வருது

புடவைப்பொடியன் | யூலை 3, இரவு 9.14

ஒன்லைன்ல சேலை விக்கிறம், கடை யாழ்ப்பாணம் ரவுனில. வெப்சைற்றில வங்கிக் காட்டில கட்டுறதும் இருக்கு, வங்கிக்குப் போடுறதும் இருக்கு, பார்சல் வந்தபிறகு வாசல்ல காசு குடுக்கிற சீஓடியும் இருக்கு. பத்தில எட்டுப் பேர் சீஓடிதான். கடைசியா அனுப்பின 100 சீஓடி பார்சல்ல 20 "வாங்க மறுத்தார்" எண்டு திரும்பி வந்திட்டுது.

ஒரு சேலை 3,200. எங்களுக்கு வாங்க விழுறது 2,300. கூரியர் 400, அது வாங்கிறவரிட்டத்தான் எடுக்கிறம். திரும்பி வந்தால் கூரியர்காரர் 200 வெட்டுறார். அப்ப 20 பார்சலுக்கு 4,000 நட்டம். காசை விட அலைச்சல்தான் பெரிசு. சீஓடியைத் தூக்கிப்போட்டு, காட்டில கட்டுற ஆக்களுக்கு 5 வீதம் கழிவு குடுக்கலாம் எண்டு யோசிக்கிறன். சரிதானே?

மருதடி | யூலை 3, இரவு 9.40

நிப்பாட்டத் தேவையில்லை. சீஓடிக்கு எண்டு மேலதிகமா 300 போடுங்கோ. விளையாட்டுக்கு ஓடர் போடுறவன் தானா விலகிடுவான்.

கணக்குப்பிள்ளை | யூலை 3, இரவு 10.52

முதல்ல அந்த 4,000 பிழை. திரும்பி வந்த பார்சலுக்கு 200 மட்டுமே போகுது? போகேக்க உள்ள 400-ஐ ஆர் தந்தது? வாங்கிறவர் தரேல்லை, ஏனெண்டால் அவர் கதவைச் சாத்திப்போட்டார். கூரியர் உங்கட காசில அதையும் வெட்டியிருப்பான், வாரக் கணக்குத் தாளை வடிவாப் பாருங்கோ. பொதி செய்யிற பை, ஸ்ரிக்கர், பேப்பர் 60 எண்டு வையுங்கோ. திரும்பி வந்த சேலையை மடிச்சு அயன் பண்ணிப் புதுப் பையில போட 50. ஆக 710.

போய்ச் சேர்ந்த பார்சலில உங்களுக்கு என்ன மிஞ்சுது? 3,200 இல 2,300-ம் பை 60-ம் போக 840. கூரியர் காசு வாங்கித் தாறதுக்கு 1 வீதம் எடுக்கிறான் எண்டால் 3,600 க்கு 36. மிச்சம் 804. அதாவது ஒண்டு திரும்பி வந்தால், நல்லாப் போன ஒரு பார்சலின்ர லாபம் கிட்டத்தட்ட முழுசாப் போகுது.

100 இல 20 திரும்பினால்: 80 × 804 = 64,320. அதில 20 × 710 = 14,200 கழிச்சால் 50,120.

இப்ப சீஓடியை நிப்பாட்டினால்? காட் கொமிஷன் 3 வீதம் எண்டு வைப்பம், 3,600 க்கு 108. ஒரு ஓடருக்கு மிச்சம் 732. 50,120-ஐ 732 ஆல பிரிச்சால் 68 அரை. அந்த 100 பேரில 69 பேராவது காட்டில கட்டி வாங்கினால்தான் உங்களுக்கு நட்டமில்லை. இப்ப உங்கட ஆக்களில பத்தில எட்டுப் பங்கு சீஓடி எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்கள். 69 பேர் காட்டுக்கு மாறுவினமோ? எனக்கு நம்பிக்கை இல்லை. இதுக்க 5 வீதக் கழிவையும் குடுத்தால் 160 போய் 572 தான் மிஞ்சும். அப்ப 88 பேர் வேணும்.

மருதடி சொன்ன 300 பற்றி: அது திரும்பிறதைக் குறைக்காது. வாங்கிற நல்லவரிட்ட வசூலிச்சு வாங்காதவனுக்குக் கட்டுற வேலை. மறுக்கிறவன் அந்த 300-ஐத் தரப்போறதே இல்லை. போதாக்குறைக்கு வாசல்ல கேக்கிற தொகை 3,900 ஆகுது.

மருதடி | யூலை 3, இரவு 11.05

ஆனால் கொஞ்சப் பேர் 300-ஐ மிச்சம் பிடிக்கக் காட்டுக்கு மாறுவினம். அது லாபம்தானே.

கணக்குப்பிள்ளை | யூலை 3, இரவு 11.11

அது சரி. ஆனால் மாறுறவர் காட் வைச்சிருக்கிற, எப்பிடியும் வாங்கப் போற ஆள். திருப்பி அனுப்பிற ஆள் மாறமாட்டார்.

கனடா மருமகன் | யூலை 4, அதிகாலை 4.20

காட்டில கட்டின காசைத் திருப்பி எடுக்கிறது கஷ்டமே இல்லை. நான் இங்க இருந்து மாமிக்கு ஒரு சேலை போட்டு, நிறம் பிடிக்கேல்லை எண்டு கடையோட கதைச்சு ஒரு கிழமையில காசு காட்டுக்கே வந்திட்டுது. ஏன் பயப்பிடுறீங்கள்?

புடவைப்பொடியன் | யூலை 4, காலை 7.30

அண்ணை, நான் கேட்டது வேற. காசு திருப்பிக் குடுக்கிறது இல்லை, காசு வாங்காமலே பார்சல் திரும்பி வாறது.

கணக்குப்பிள்ளை அண்ணை, தாளைப் பாத்தன். 400-உம் வெட்டித்தான் இருக்கு. "சேவைக் கட்டணம்" எண்டு ஒரு வரியில மொத்தமா நிக்குது, அதால விளங்கேல்லை.

கனடா மருமகன் | யூலை 4, காலை 7.48

ஓ, விளங்கீட்டுது. ஆனால் உதில ஒண்டு சொல்லவேணும். முந்தி ஒருக்கா இங்க இருந்து காட் வேலை செய்யேல்லை எண்டு சீஓடி அமத்திப்போட்டன். மாமிக்குச் சொல்ல மறந்திட்டன். வாசல்ல பொடியன் போய் "3,600 தாங்கோ" எண்டு கேக்க, மாமி "நாங்கள் ஒண்டும் ஓடர் பண்ணேல்லை, ஏமாத்துற வேலை" எண்டு துரத்திப்போட்டா. அதுவும் உங்கட 20 க்க இருக்கலாம்.

கணக்குப்பிள்ளை | யூலை 4, காலை 8.15

கேள்வியைப் பிழையா விளங்கின ஆள் சொன்னதுதான் இந்த இழையிலயே பெறுமதியான கதை. தம்பி, அந்த 20 பேரையும் ஒவ்வொண்டா எடுத்துப் போன் அடியுங்கோ. "ஏன் வாங்கேல்லை" எண்டு சண்டைக்குப் போற மாதிரி இல்லாமல், "பார்சல் திரும்பி வந்திட்டுது, என்ன நடந்தது" எண்டு கேளுங்கோ. "வாங்க மறுத்தார்" எண்டது கூரியர்காரன்ர சொல். அதுக்குள்ள என்ன கிடக்கெண்டு தெரியாமல் சீஓடியை நிப்பாட்டுறதோ வைச்சிருக்கிறதோ ரெண்டும் குருட்டு வேலை.

பைக்கில போறவன் | யூலை 4, மாலை 6.33

நான் டெலிவரி ஓடுறனான். எந்தக் கொம்பனி எண்டு கேக்காதேங்கோ.

போனில மூண்டு நாலு தெரிவு இருக்கும்: ஆள் இல்லை, விலாசம் பிழை, பிறகு வரச் சொன்னார், மறுத்தார். "பிறகு" எண்டு அமத்தினால் பார்சல் நாளைக்கும் என்ர பையில வரும். நாளைக்கு வேற 50 இருக்கும். எங்களுக்குக் குடுத்த பார்சலுக்குத்தான் காசு, போன வீட்டுக்கு இல்லை. ரெண்டாந்தரமும் காசில்லை எண்டால் சிலபேர் "மறுத்தார்" எண்டு அமத்தி முடிச்சுப்போடுவினம். சரி எண்டு சொல்லேல்லை, நடக்கிறதைச் சொல்லுறன்.

கண்டுபிடிக்கிறது லேசு. ஒரே நேரத்தில, 2 நிமிசத்துக்குள்ள, வேற வேற ஊரில மூண்டு பார்சல் "மறுத்தார்" எண்டு விழுந்தால் அது வாசல்ல விழுந்ததில்லை. பின்னேரம் டிப்போவில நிண்டு அமத்தினது.

புடவைப்பொடியன் | யூலை 6, இரவு 8.02

20 பேருக்கும் எடுத்தாச்சு. ரெண்டு நாள் போனது. முடிவு இதுதான்:

7 பேர், பொடியன் அடிச்ச நேரம் போன் எடுக்கேல்லை, அல்லது ஓஃப். அதில நாலு பேருக்குப் பார்சல் வந்ததே தெரியாது, "ஏன் இன்னும் வரேல்லை" எண்டு என்னையே பேசினவை. 5 பேர், அண்டைக்குக் கையில காசில்லை. 3 பேர், வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் போட்டது, வீட்டில தெரியாது. 2 பேர், 3,200 எண்டு நினைச்சிருக்க 3,600 கேட்டதாம். ஒராள் பிரிச்சுப் பாத்திட்டுத்தான் காசு தருவன் எண்டவ. உண்மையா மனம் மாறினது ரெண்டே ரெண்டு பேர். அதில ஒராள் அதே சேலையை ரவுனில 2,900 க்கு எடுத்திட்டாவாம், உண்மையைச் சொன்னா, கோவம் வரேல்லை.

பைக்கில போறவன் | யூலை 6, இரவு 8.40

அந்த 7 பேர் பற்றி. எங்கட நம்பர் தெரியாத நம்பர். பொம்பிளையள் கனபேர் தெரியாத நம்பர் எடுக்கமாட்டினம். நீங்கள் கடை நம்பரில இருந்து முதல் நாள் பின்னேரம் ஒரு மெசேஜ் போடுங்கோ: "நாளைக்குக் கூரியர் வருவார், தெரியாத நம்பரில இருந்து அழைப்பு வரும், தொகை 3,600." அதோட ரெண்டாவது நம்பர் ஒண்டு கட்டாயம். வீட்டு நம்பர், புருசன்ர நம்பர், பக்கத்து வீடு, எதெண்டாலும்.

காசில்லாத 5 பேர்: நாங்கள் வாறது காலமை 10 இலயிருந்து 3 மணிக்குள்ள. அந்த நேரம் வீட்டில அம்மம்மாதான் இருப்பா, காசு வேலைக்குப் போன ஆளின்ர பேர்சில. மாசம் 20 க்குப் பிறகு சம்பளம் வருமட்டும் இது கூடும். உங்கட ஓடர் 18 ஆம் திகதி வந்தால் "எப்ப வந்தால் வசதி" எண்டு கேட்டு 26 க்கு அனுப்புங்கோ.

இன்னொண்டு. தொகையை 3,587 எண்டு போடாதேங்கோ. மிச்சம் குடுக்க எங்களிட்டச் சில்லறை இருக்காது, அதில தொடங்கிற வாக்குவாதம் "எனக்கு வேண்டாம்" எண்டு முடியும். 3,600 எண்டால் 3,600.

கணக்குப்பிள்ளை | யூலை 6, இரவு 9.30

ஆக 20 இல 2 தான் மறுப்பு. பிரிச்சுப் பாக்கக் கேட்டவவையும் சேத்தால் 3. மிச்ச 17-ஐயும் அனுப்ப முன்னமே பிடிச்சிருக்கலாம்.

ஓடர் வந்து ஒண்டு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள கடையில இருந்து ஒரு அழைப்பு. "ஓடர் போட்டீங்களோ, அனுப்பவோ" எண்டு கேக்கவேண்டாம், அதுக்கு எல்லாரும் "ஓம்" எண்டுதான் சொல்லுவினம். கேக்கவேண்டியது மூண்டு. வீட்டுக்கு அடையாளம் என்ன: எந்தச் சந்தி, எந்த ஒழுங்கை, கோயிலுக்குக் கிட்டவோ வாசிகசாலைக்குக் கிட்டவோ. வாங்கிற நாள் வீட்டில ஆர் இருப்பினம், அவையின்ர பேர் என்ன. பிறகு தொகையை நீங்கள் சொல்லாமல் அவரைச் சொல்ல வையுங்கோ: "அப்ப மொத்தம் எவ்வளவு ஆயத்தமா வைச்சிருப்பீங்கள்?" 3,200 எண்டு சொன்னால் அந்த இடத்திலயே திருத்தலாம். உங்கட ரெண்டு பார்சல் அதில மிஞ்சியிருக்கும்.

அடையாளம் சொல்லத் தடுமாறுற ஆள் பெரும்பாலும் வேற ஆருக்கோ போடுற ஆள். அப்ப வாங்கிறவரின்ர நம்பரை வாங்கி அவருக்கும் ஒரு அழைப்பு.

ஊறுகாய் அக்கா | யூலை 7, காலை 6.10

எங்கட பக்கம் வேற மாதிரி. நாங்கள் அனுப்பிறது ஒடியல் மா, பனங்கட்டி, மோர் மிளகாய், ஊறுகாய். திரும்பி வந்தால் அயன் பண்ணி விக்கேலாது. ரெண்டு கிழமை எந்த வெயிலில எந்த லொறியில கிடந்ததோ. உப்புப் படிஞ்ச போத்திலை ஆருக்கு விக்கிறது? அதால சாப்பாட்டுச் சாமானுக்கு முழுக் காசும் முன்னுக்கு. சீஓடியே இல்லை. தம்பி, உங்களுக்கு நான் சொல்லுறது கூரியர்க் காசு 400-ஐ மட்டும் முன்னுக்கு வாங்குங்கோ. மிச்சம் 3,200 வாசல்ல.

புடவைப்பொடியன் | யூலை 7, காலை 7.55

அக்கா, 400 முன்னுக்குக் கேட்டால் ஓடர் குறையுமே.

கணக்குப்பிள்ளை | யூலை 7, காலை 9.20

குறையும். எவ்வளவு குறைஞ்சால் தாங்கலாம் எண்டதுதான் கேள்வி. 400 முன்னுக்கு வந்தால், திரும்பி வாற பார்சலில உங்கட நட்டம் 710 இல்லை, 310. போய்ச் சேர்ந்ததில 1 வீதம் 3,200 க்குத்தான், 32. லாபம் 808. காசு கட்டின ஆள் லேசில கதவைச் சாத்தமாட்டார். 100 க்கு 5 திரும்புது எண்டு வைச்சால் ஒரு ஓடருக்குச் சராசரி 752. 50,120-ஐ அதால பிரிச்சால் 67 க்குக் கொஞ்சம் குறைய. 100 ஓடர் 67 ஆகக் குறைஞ்சாலும் இப்ப கிடைக்கிறது கிடைக்கும்.

என்ர கணக்கில ஒரு ஓட்டை இருக்கு, நானே சொல்லுறன். அந்த 50,120, 20 பார்சல் திரும்பிற நிலைமைக்கு. அழைப்பு எடுத்து 20-ஐ 7 ஆக்கினால் சீஓடியில 93 × 804 − 7 × 710 = 69,802 வரும். அப்ப முற்பணம் கேக்கிறதுக்கு 93 ஓடராவது வேணும். அதாவது முதல் அழைப்பை ஒழுங்காச் செய்து பாத்திட்டு, பிறகும் திரும்பினால்தான் முற்பணம். ஆரிட்ட? எல்லாரிட்டயும் இல்லை. முதல் தரம் வாங்கிற, 10,000 க்கு மேல போடுற, அழைப்பை எடுக்காத ஆக்களிட்ட.

மருதடி | யூலை 7, காலை 10.04

தீவகத்துக்கு எல்லாம் முற்பணம் போடுங்கோ. அங்க ஒருத்தனும் போகமாட்டான்.

பைக்கில போறவன் | யூலை 7, பகல் 1.15

பிழை. வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை எல்லாம் றோட்டுக் கிடக்கு, பைக்கில போறம். கடல்தான் பிரச்சினை: நெடுந்தீவு, நயினாதீவுக்குக் குறிகட்டுவானில வள்ளம் ஏறவேணும், அனலைதீவு, எழுவைதீவுக்கு ஊர்காவற்றுறையில. அந்த நாலுக்கும் வாசலுக்குப் போகாது, ஆள் இந்தப் பக்கம் வரேக்க எடுக்கிறதுதான். அவைக்கு முழுக் காசும் முன்னுக்கு வாங்கிறது நல்லம்.

வெப்தம்பி | யூலை 7, இரவு 10.48

வெப்சைற் WooCommerce எண்ட கடை மென்பொருளில செய்ததுதானே? அப்ப ரெண்டு விசயம்.

சீஓடி ஓடர் விழுந்த உடன "Processing" க்குப் போயிடும். பொதி கட்டுறவர் அதைப் பாத்து உடன கட்டிப்போடுவார், உங்கட அழைப்புக்கு நேரமில்லை. இதைப் போட்டால் "On hold" இல நிக்கும், அழைப்பு எடுத்த பிறகு கையால மாத்தலாம்:

```php
add_filter( 'woocommerce_cod_process_payment_order_status', function () {
    return 'on-hold';
} );
```

ஸ்ரொக் குறையிறது "On hold" இலயும் நடக்கும், அதால அந்தச் சேலை வேற ஆளுக்கு விலைப்படாது.

ரெண்டாவதுதான் கனபேர் விடுற பிழை. கூரியர் "மறுத்தார்" எண்டு சொன்ன உடன ஓடரை "Cancelled" ஆக்குவினம். ஆக்கின அந்த நொடி WooCommerce ஸ்ரொக்கை ஒண்டு கூட்டிப்போடும். ஆனால் சேலை இன்னும் கூரியரின்ர டிப்போவில. ஒரு நிறத்தில ஒண்டே ஒண்டு இருக்கிற சேலை எண்டால் அதை இன்னொராள் காசு கட்டி வாங்குவார், உங்களிட்டச் சாமான் இல்லை. பார்சல் கைக்கு வந்து பிரிச்சுப் பாத்த பிறகுதான் "Cancelled". அதுமட்டும் "Failed" இல விடுங்கோ, அதில ஸ்ரொக் தானாக் கூடாது.

புடவைப்பொடியன் | யூலை 7, இரவு 11.20

தம்பி, இது நடந்திருக்கு. போன மாசம் ஒரு மாம்பழ நிறச் சேலை ரெண்டு பேருக்கு விலைப்பட்டது. களவு போட்டுதெண்டு கடைப் பொடியனைச் சந்தேகப்பட்டன். இப்பதான் விளங்குது.

கனடா மருமகன் | யூலை 8, அதிகாலை 3.55

வெளிநாட்டு ஆக்களுக்குச் சீஓடியை மறைக்கேலாதோ? என்னை மாதிரி ஆக்கள் திரும்பவும் அமத்துவினம்.

வெப்தம்பி | யூலை 8, காலை 8.31

மறைக்கலாம். பில் விலாசம் இலங்கை இல்லையெண்டால் சீஓடி தெரியாது:

```php
add_filter( 'woocommerce_available_payment_gateways', function ( $g ) {
    if ( is_admin() || ! WC()->customer ) return $g;
    if ( WC()->customer->get_billing_country() !== 'LK' ) unset( $g['cod'] );
    return $g;
} );
```

கனடா மருமகன் | யூலை 8, மாலை 5.12

நான் ரெண்டு இடத்திலயும் மாமியின்ர விலாசத்தைத்தான் அடிப்பன். நாடு இலங்கை எண்டுதான் விழும்.

வெப்தம்பி | யூலை 8, மாலை 5.40

😀 அப்ப கோட் உங்களைப் பிடிக்காது, போன் நம்பர்தான் பிடிக்கும். நம்பர் +94 அல்லது 07 இல தொடங்கேல்லை எண்டால் அழைப்பு எடுக்கிறவர் உசாராகவேணும். அங்க இருக்கிறவருக்குக் காட்டில கட்டுற இணைப்பை வட்சப்பில அனுப்புங்கோ. கட்டினால் மாமிக்குச் சீஓடி 0 எண்டு போகும்.

கணக்குப்பிள்ளை | யூலை 8, இரவு 9.03

அந்த 0 பெரிய விசயம். சீஓடி எண்டு போன பார்சலுக்கு இடையில "அண்ணை, நான் வங்கிக்குப் போட்டிட்டன்" எண்டு வட்சப்பில ஸ்லிப் வரும். ரெண்டு வேலை செய்யவேணும்.

ஸ்லிப் படத்தை நம்பாமல் உங்கட வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கோ. படத்தில ஒரு இலக்கத்தை மாத்திறது போனிலயே செய்யலாம். CEFTS ஆல போட்டால் வேற வங்கியெண்டாலும் நிமிசத்தில விழும். விழேல்லை எண்டால் விழும்வரை பொறுக்கச் சொல்லுங்கோ. குறிப்பு எழுதிற இடத்தில ஓடர் இலக்கத்தைப் போடச் சொன்னால் ஒரே நாளில ரெண்டு 3,600 வந்தாலும் குழம்பாது.

பிறகு, காசு விழுந்ததெண்டால் பார்சல் பொடியனின்ர பையுக்குப் போக முன்னம் கூரியர் போர்ட்டலில தொகையை 0 ஆக்குங்கோ. காலமை பையுக்குப் போனால் பிறகு மாத்தேலாது. பொடியன்ர போனில 3,600 நிக்கும், அவர் கேப்பார், வாங்கிறவர் "கட்டீட்டன்" எண்டுவார். நீங்களும் நியாயம், அவரும் நியாயம், பார்சல் "மறுத்தார்" எண்டு திரும்பி வரும்.

பைக்கில போறவன் | யூலை 8, இரவு 9.25

உண்மை. எங்களால தொகையைத் தொடேலாது. கடைக்காரர் போனில "குடுத்துவிடுங்கோ" எண்டால் குடுக்கமாட்டம், 3,600 எங்கட சம்பளத்தில வெட்டுப்படும். போனால ஸ்கான் பண்ணிக் காசு கட்டுற LANKAQR படத்தைக் கடை பார்சலில ஒட்டி விடுறதும் இதே சிக்கல்தான். காசு கடைக்குப் போகும், என்ர பையில 3,600 குறையும்.

மருதடி | யூலை 9, காலை 11.30

எல்லாக் கடையும் சேந்து வட்சப் குழு ஒண்டு தொடங்கி, திருப்பி அனுப்பிறவையின்ர நம்பர், விலாசத்தைப் பகிருவம். ஒருக்கா மறுத்தவனுக்கு ஒருத்தரும் சீஓடி குடுக்கக்கூடாது.

வெப்தம்பி | யூலை 9, பகல் 12.02

வேண்டாம். 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. உங்கட கடைக்கு டெலிவரிக்காகத் தந்த நம்பரை வேற கடைக்குப் பகிர்றது அதுக்கு முரண். இன்னொண்டு, மேல எண்ணினதைப் பாருங்கோ: 20 இல 17 பேர் மறுக்கவேயில்லை. அந்தப் பட்டியலில கனடா அண்ணையின்ர மாமிதான் முதல் ஆளா இருப்பா.

உங்கட கடைக்குள்ள குறிச்சு வையுங்கோ, அது போதும். ஒருக்கா மறுத்த நம்பருக்கு அடுத்த முறை 400 முன்னுக்கு, ரெண்டு தரம் மறுத்தால் முழுசும் முன்னுக்கு.

ஊறுகாய் அக்கா | யூலை 10, காலை 6.25

திரும்பி வந்த பார்சலை எப்பிடி எடுக்கிறது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. கூரியர் வானில 12 பார்சல் கொண்டு வந்து ஒரு தாளை நீட்டுவினம், "கையெழுத்துப் போடுங்கோ அக்கா" எண்டு. அவசரத்தில போடாதேங்கோ. தாளில உள்ள இலக்கம் ஒவ்வொண்டையும் பார்சலோட ஒத்துப் பாத்து, இல்லாததை அந்தத் தாளிலயே "கிடைக்கேல்லை" எண்டு எழுதிப் போடுங்கோ. போட்ட பிறகு 11 தான் எண்டால் ஆரும் கேக்கமாட்டினம்.

பிறகு தராசு. அனுப்பேக்க நிறை 640 கிராம் எண்டு ஒட்டியிருந்தால், திரும்பி வரேக்கயும் 640 நிக்கவேணும். 480 எண்டால் பிரிக்க முன்னம் போனில வீடியோ எடுத்துக்கொண்டு பிரியுங்கோ: முதல்ல இலக்கம் தெரிய ஸ்ரிக்கர், பிறகு ஒட்டின ரேப், அது வெட்டித் திரும்ப ஒட்டினதோ எண்டு, பிறகு உள்ளுக்கு. ஒருக்கா எங்களுக்குப் போத்தில் போன பெட்டியில ஒரு பழைய துண்டு சுத்தி வந்தது. வீடியோ இருந்தபடியால்தான் நட்டஈடு கதைக்க முடிஞ்சது.

புடவைப்பொடியன் | யூலை 10, காலை 8.10

அக்கா, சேலையைப் பிரிச்சுப் பாத்திட்டு வேண்டாமெண்டு ஒட்டி அனுப்பியிருந்தால் தெரியுமே?

ஊறுகாய் அக்கா | யூலை 10, காலை 8.44

மடிப்பைப் பாருங்கோ தம்பி. கடை மடிப்பு வேற, வீட்டு மடிப்பு வேற. ஊசி குத்தின இடம் மாறியிருக்கும். மணந்து பாருங்கோ, சாம்பிராணி, பவுடர் மணம் சேலையில நிக்கும்.

கணக்குப்பிள்ளை | யூலை 10, இரவு 10.15

கணக்குப் பக்கத்தில ஒரு தாள் போதும். பார்சல் இலக்கம், வரவேண்டிய தொகை, காசு வந்த திகதி, பார்சல் திரும்பி வந்த திகதி. ஒவ்வொரு வரியிலயும் கடைசி ரெண்டில ஒண்டு நிரம்பவேணும். 14 நாள் கழிச்சு ரெண்டும் வெறுமையா நிக்கிற வரிதான் தொங்கிறது. கிழமைக்கு ஒருக்கா அந்த வரிகளை மட்டும் எடுத்துக் கூரியருக்கு அனுப்புங்கோ. கேக்காமல் விட்டால் தொலைஞ்சதுக்கு முறைப்பாடு செய்யிற நாள் கடந்திடும், அது எத்தனை நாள் எண்டு உங்கட ஒப்பந்தத்தில இருக்கும்.

புடவைப்பொடியன் | யூலை 24, இரவு 9.50

ரெண்டு கிழமை முடிஞ்சுது. சீஓடி நிப்பாட்டேல்லை. ஓடர் எல்லாம் "On hold" இல நிக்குது, ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள அழைப்பு, முதல் நாள் பின்னேரம் மெசேஜ். 46 போனது, 3 திரும்பி வந்தது. நல்லூர்த் திருவிழா கிட்ட எண்டபடியால் இதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது எண்டு கணக்குப்பிள்ளை அண்ணை சொல்ல முன்னம் நானே சொல்லுறன்.

அழைப்பில 9 ஓடர் விழுந்துபோச்சு. "யோசிச்சுச் சொல்லுறன்" எண்டவை, எடுக்காதவை. முந்தி எண்டால் அந்த 9-உம் போய்த் திரும்பியிருக்கும்.

இன்னொரு சிக்கல். ஒரு அக்காவிட்ட 400 முன்னுக்கு வாங்கினன், ஏற்கெனவே ஒருக்கா மறுத்த நம்பர். பார்சல் போன நாள் அவவின்ர வீட்டில செத்தவீடு. திரும்பி வந்திட்டுது. 400-ஐத் திருப்பிக் கேக்கிறா. "மறுத்தால் முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது" எண்டு ஓடர் பக்கத்தில எழுதியிருக்கு.

மருதடி | யூலை 24, இரவு 10.02

குடுக்காதேங்கோ. எழுதியிருக்குத்தானே.

ஊறுகாய் அக்கா | யூலை 24, இரவு 10.20

செத்தவீட்டுக்காரரிட்ட 400 ரூபாய்க்குச் சண்டை பிடிச்ச கடை எண்டு ஊர் முழுக்கத் தெரியவரும். குடுத்துவிடுங்கோ.

கணக்குப்பிள்ளை | யூலை 24, இரவு 10.41

குடுத்தால் எல்லாருக்கும் செத்தவீடு வரும். குடுக்காவிட்டால் அக்கா சொன்னது நடக்கும். 400-ஐ அடுத்த ஓடருக்கு வரவு வைக்கிறன் எண்டு சொல்லிப் பாருங்கோ, 31 ஆம் நாள் முடிய.

புடவைப்பொடியன் | யூலை 25, காலை 7.12

சொன்னனான். "அதுக்குப் பிறகும் ஒரு வருசம் புதுச் சேலை உடுக்கமாட்டன் தம்பி" எண்டா. 400-ஐ இண்டைக்குப் போடுறன்.